யுவான் சுவாங்கின் காஞ்சிக் குறிப்பு: பார்த்தது எது, கேட்டது எது?

காஞ்சியில் 100 விகாரங்களும் 10,000 பிக்குகளும் இருந்ததாக யுவான் சுவாங் தன் நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார் என்ற வரியைப் பள்ளிக்கூடத்திலேயே படித்துவிடுகிறோம். பிறகு சமூக ஊடகச் சண்டை ஒவ்வொன்றிலும் அது தலைகாட்டுகிறது. இதை வைத்து ஒருவர் அன்றைய தமிழகமே பௌத்தம்தான் என்பார். இன்னொருவர், தன் மதத்தைத் தூக்கிப் பிடிக்க வந்த துறவி அப்படித்தான் எழுதுவார் என்று தள்ளிவிடுவார். மூன்றாமவர், அவர் மதுரைக்கும் போனார், பாண்டிய நாட்டு மக்களைப் பணத்தாசை பிடித்தவர்கள் என்று திட்டிவிட்டும் போனார் என்பார்.

மூவரும் அந்த நூலை ஒரு பயணி இரவில் விளக்கடியில் உட்கார்ந்து எழுதிய நாட்குறிப்பாக நினைத்துக்கொள்கிறார்கள். அது நாட்குறிப்பு இல்லை. அது எப்படி எழுதப்பட்டது, ஒரு நாட்டைப் பற்றிய பதிவு எந்த அச்சில் வார்க்கப்பட்டது என்று தெரிந்தால், காஞ்சிப் பதிவில் எந்த வரியை நம்பலாம், எதை ஒதுக்கலாம் என்பதை நாமே பிரித்துப் பார்க்க முடியும்.

நாட்குறிப்பு அல்ல, அரசனுக்குப் போன அறிக்கை

யுவான் சுவாங் சீனாவை விட்டுக் கிளம்பியது 629இல் என்பது பொதுவான கணக்கு. 627 என்று சொல்பவர்களும் உண்டு. அப்போது எல்லை மூடியிருந்தது. அனுமதி கேட்டார், கிடைக்கவில்லை, ஆனாலும் போய்விட்டார். ஆக, சட்டப்படி அவர் எல்லை மீறியவர். போன காரியம் தெளிவானது: சீனத்தில் இருந்த பௌத்த நூல்களின் மொழிபெயர்ப்புகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை. குறிப்பாக 'யோகாசார பூமி' என்ற பெருநூலை மூலத்தில், தெரிந்த ஆசிரியரிடம் பாடம் கேட்க வேண்டும் என்பது அவருடைய ஆசை. நாளந்தாவில் முதிய ஆசிரியர் சீலபத்திரரிடம் அந்த ஆசை நிறைவேறியது.

திரும்பி வரும் வழியில் கோத்தானில் தங்கி, அனுமதியில்லாமல் போனதற்குப் பேரரசர் தைசோங்குக்கு விளக்கக் கடிதம் எழுதினார். 645 தொடக்கத்தில், 657 நூல்களை 520 கட்டுகளாகக் குதிரைகளில் ஏற்றிக்கொண்டு தலைநகர் சாங்கானுக்குள் நுழைந்தார். சில வாரங்களில் லோயாங்கில் பேரரசரைச் சந்தித்தார். தண்டனை வரவில்லை. கேள்விகள்தான் வந்தன. பனிமலைக்கு அப்பால் தட்பவெப்பம் எப்படி, என்ன விளைகிறது, மக்கள் எப்படிப்பட்டவர்கள் என்று பேரரசர் விசாரித்தார். துறவைக் களைந்துவிட்டு அரசாங்கத்தில் சேரச் சொன்னார். யுவான் சுவாங் மறுத்தார். அப்படியானால் பார்த்ததை ஒரு நூலாக எழுதித் தாரும் என்றார் பேரரசர். மறுத்துவிட்டு வந்தவருக்கு இதையும் மறுக்க வழியில்லை.

646இல் முடிந்த அந்த நூலுக்குச் சீனத்தில் 'தா தாங் ஷியூ ஜி' என்று பெயர். தாங் பேரரசின் காலத்து மேற்கு நாடுகளின் பதிவு என்பது பொருள். மொத்தம் 12 சுருள்கள். யுவான் சுவாங் சொல்லச் சொல்ல, கொண்டுவந்த குறிப்புகளையும் வைத்துக்கொண்டு, பியன்ஜி என்ற இளம் துறவி தொகுத்து எழுதினார். (இந்த பியன்ஜி பிறகு ஓர் இளவரசியோடு தொடர்பு என்ற குற்றச்சாட்டில் கொல்லப்பட்டார். அது வேறு கதை.)

இதன் விளைவாக நூலில் மூன்று விஷயங்கள் இல்லை. 'நான்' இல்லை. தேதி இல்லை. இன்ன நாள் இன்ன ஊரில் இன்னது சாப்பிட்டேன் என்ற சங்கதியும் இல்லை. இந்த இடத்தில் அவருக்கு முந்தியவரான பாஹியானை நினைத்துக்கொள்ளலாம். 399இல் கிளம்பிய பாஹியான், அனுராதபுரத்தின் அபயகிரி விகாரையில் ஒரு வணிகர் சீனத்து வெண்பட்டு விசிறியைப் புத்தருக்குக் காணிக்கையாக வைத்ததைப் பார்த்து, ஊர் நினைவு வந்து கண்ணீர் விட்டதை எழுதியிருக்கிறார். நாட்குறிப்பு என்று சொல்லத்தக்கது அதுதான். யுவான் சுவாங்கின் நூலில் அப்படி ஒரு விசிறியைத் தேடினால் கிடைக்காது.

தேதிகளும் சொந்த அனுபவங்களும் இருப்பது இன்னொரு நூலில். அவருடைய சீடர் ஹுய்லி எழுதத் தொடங்கி, யான்சோங் என்பவர் விரித்து 688இல் முடித்த வாழ்க்கை வரலாறு அது. கொள்ளையர்கள், காய்ச்சல், சிந்து நதியில் படகு ஆடியதில் 50 சுவடிகளும் பூ விதைகளும் ஆற்றோடு போனது எல்லாம் அங்கேதான். ஆகவே ஒரே பயணத்துக்கு இரண்டு சாட்சிகள்: ஒன்று அறிக்கை, மற்றொன்று வரலாறு. இரண்டும் ஒத்துப்போகாத இடத்தில்தான் நமக்கு வேலை இருக்கிறது.

ஒரு பதிவின் அச்சு

அறிக்கையில் ஏறத்தாழ எல்லா நாட்டுப் பதிவும் ஒரே வரிசையில் வருகிறது. முந்தைய இடத்திலிருந்து திசை, தூரம். நாட்டின் சுற்றளவு. தலைநகரின் சுற்றளவு. மண், விளைச்சல். தட்பவெப்பம். மக்களின் குணம். மொழி, எழுத்து. விகாரங்கள் எத்தனை, பிக்குகள் எத்தனை, எந்தப் பிரிவு. 'தேவர் கோயில்கள்' எத்தனை. அதன் பிறகு புண்ணியத் தலங்களும் அவற்றின் கதைகளும். தாசில்தார் அலுவலகப் படிவம் போல, கட்டங்களை நிரப்பிக்கொண்டே போகிறார்கள்.

இந்த அச்சைப் படிக்க இரண்டு சாவிகள் வேண்டும்.

முதல் சாவி 'லி' என்ற அளவு. தூரமெல்லாம் இதில்தான். ஆனால் அவர் இந்தியாவில் நூல் பிடித்து அளக்கவில்லை. இங்கே மக்கள் 'யோசனை' என்று சொன்னதை லியாக மாற்றினார். யோசனை என்பது ஒரு படை ஒரு நாளில் நடக்கும் தூரம். பழைய வழக்கில் ஒரு யோசனைக்கு 40 லி, இந்திய நாட்டு வழக்கில் 30 லி, பௌத்த நூல்களில் 16 லி என்று அவரே எழுதுகிறார். ஒரே அளவுக்கு மூன்று விகிதங்கள். 19ஆம் நூற்றாண்டில் அவர் வழியைத் தேடி அலைந்த அலெக்சாண்டர் கன்னிங்ஹாம் 6 லிக்கு ஒரு மைல் என்று கணக்கு வைத்தார். அப்படியானால் ஒரு லி சுமார் 270 மீட்டர். சீனாவில் வழங்கிய லி இதைவிடப் பெரியது. எனவே தூரத்தைத் தோராயமாகத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

இரண்டாவது சாவி ஒரு சொல். நூலின் கடைசியில் பியன்ஜி ஒரு விதியைச் சொல்லிவைக்கிறார். 'ஷிங்', அதாவது 'நடந்து' என்று எழுதியிருந்தால் ஆசிரியர் நேரில் போன இடம். வெறுமே 'ஜி', அதாவது 'அடைவது' என்று மட்டும் இருந்தால் கேள்விப்பட்டு எழுதியது. நூலின் முன்னுரையிலும் நேரில் போன நாடுகள் 110, கேட்டறிந்தவை 28 என்று பிரித்தே சொல்லியிருக்கிறது. கேட்டதை எழுதினோம் என்று அந்தக் காலத்தில் இவ்வளவு வெளிப்படையாக ஒப்புக்கொண்ட நூல்கள் அரிது. நாம்தான் அந்த விதியைப் பார்க்காமல் எல்லாவற்றையும் 'நேரில் கண்ட சாட்சி' ஆக்கிவிடுகிறோம்.

காஞ்சிப் பதிவை வரி வரியாக

640 வாக்கில் யுவான் சுவாங் கிழக்குக் கடற்கரையை ஒட்டித் தெற்கே வருகிறார். கலிங்கம், தென்கோசலம், ஆந்திரம், தானியகடகம் என்ற அமராவதி. அடுத்து 'சுளிய' என்ற நாடு. பெயரைப் பார்த்ததும் சோழம் என்று தோன்றும். ஆனால் அது தானியகடகத்துக்கும் காஞ்சிக்கும் நடுவில் வருகிறது. காடு, குறைந்த மக்கள்தொகை, வெளிப்படையாகத் திரியும் கொள்ளையர் என்று எழுதுகிறார். இது காவிரிச் சோழநாடு அல்ல, கடப்பைப் பக்கம் ஆண்ட தெலுங்குச் சோழர்களின் ரேநாடு என்பதே பெரும்பாலான ஆய்வாளர்களின் முடிவு. அங்கிருந்து தெற்கே காட்டு வழியாக வந்து 'திராவிட' நாட்டை அடைகிறார்.

1. நாட்டின் சுற்றளவு 6,000 லி, தலைநகர் காஞ்சிபுரத்தின் சுற்றளவு 30 லி. நாட்டின் சுற்றளவை யாரும் நடந்து பார்த்திருக்க முடியாது. விட்டுவிடலாம். நகரின் 30 லி, கன்னிங்ஹாம் கணக்கில் 8 கிலோமீட்டர். பெரிய லியில் 13 கிலோமீட்டருக்கு மேல். தங்கியிருந்த ஊர் என்பதால், பெரிய நகரம் என்ற அளவுக்கு நம்பலாம்.

2. மண் வளமானது, விளைச்சல் மிகுதி, பூவும் கனியும் ஏராளம், வெப்பம். மக்கள் துணிச்சலானவர்கள், சொன்ன சொல் காப்பவர்கள், கல்வியை மதிப்பவர்கள். குணம் பற்றிய இந்த வகைத் தொடர்கள் பல நாடுகளுக்கும் மாற்றி மாற்றி வருகின்றன. காஞ்சிக்கு நல்ல சான்றிதழ் கிடைத்தது என்று மகிழலாம். வரலாற்றுச் சான்றாக அதிகம் எடை போட முடியாது.

3. மொழியும் எழுத்தும் மத்திய இந்தியாவிலிருந்து 'சிறிதளவே வேறு'. தமிழ் வாசகர் முகம் சுளிக்கும் இடம் இது. தமிழுக்கும் மகதத்துப் பேச்சுக்கும் உள்ள வேறுபாடு சிறிதளவா? அவர் யாரோடு பேசியிருப்பார் என்று பார்த்தால் புரியும். தங்கியது விகாரங்களில், பழகியது துறவிகளோடு, பேச்சு சமஸ்கிருதத்தில். காஞ்சியின் கிரந்த எழுத்தும் வடக்கின் எழுத்தும் ஒரே பிராமியின் கிளைகள் என்பதால் அந்தப் பகுதி ஓரளவு சரி. இத்தனைக்கும் ஆந்திர நாட்டுப் பதிவில் பேச்சு வேறு, எழுத்து மட்டும் பெரும்பாலும் ஒன்று என்று பிரித்துச் சொன்னவர் அவர். காஞ்சியில் அந்தக் கவனம் இல்லை. சந்தைத் தெருவில் அவர் அதிகம் நின்றதாகத் தெரியவில்லை.

4. விகாரங்கள் 100க்கு மேல், பிக்குகள் 10,000க்கு மேல், எல்லோரும் ஸ்தவிரம் என்ற பழைய பௌத்தப் பிரிவு. புகழ்பெற்ற வரி. இந்த எண்ணிக்கை காஞ்சி நகருக்கு உரியதல்ல என்பதை முதலில் கவனிக்க வேண்டும். அது 'திராவிட நாடு' முழுவதற்கும் கொடுத்த கணக்கு. இரண்டாவது, இரண்டும் முழு எண்கள். யாரும் தலை எண்ணவில்லை. உள்ளூர்த் துறவிகள் சொன்ன மதிப்பீடு என்று கொள்வதே பொருத்தம். அதற்காகப் பொய் என்று சொல்லவும் வழியில்லை. அவர் வருவதற்குச் சில ஆண்டுகள் முன்பு வரை ஆண்ட மகேந்திரவர்மன் எழுதிய 'மத்தவிலாசப் பிரகசனம்' என்ற நகைச்சுவை நாடகம் காஞ்சியில் நடக்கிறது. அதில் வரும் பௌத்தத் துறவி, விகாரத்தில் நல்ல சாப்பாடு கிடைக்கும் சுகத்தை மெச்சிக்கொண்டே வருகிறார். தெருவில் நாலு பேருக்குத் தெரிந்த ஆட்களைத்தான் மேடையில் கிண்டல் செய்ய முடியும்.

5. தேவர் கோயில்கள் 80க்கு மேல், பெரும்பாலும் 'ஆடையற்ற புறச்சமயத்தார்'. ஆடையற்றவர் என்றால் திகம்பர சமணர். காஞ்சியின் ஒரு பகுதிக்கே ஜைன காஞ்சி என்று பெயர், ஆகவே இது பொருந்துகிறது. ஆனால் 'தேவர் கோயில்' என்ற கட்டத்தில் சைவம், வைணவம், சமணம் எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டிவிடுகிறார். அப்பரின் பதிகங்கள் இந்நாட்டில் பாடப்பட்டுக்கொண்டிருந்த நூற்றாண்டு அது. அந்த அலையின் சுவடே பதிவில் இல்லை. அவருடைய படிவத்தில் அதற்குக் கட்டமே இல்லை.

6. நகருக்குத் தெற்கே அறிஞர்கள் கூடும் பெரிய விகாரம் ஒன்று. அசோகர் கட்டியதாக 100 அடிக்கு மேல் உயரமுள்ள தூபி. புத்தர் இந்நாட்டில் பலமுறை வந்து போதித்தார் என்ற செய்தி. விகாரமும் தூபியும் கண்ணால் பார்த்தவை என்று கொள்ளலாம். கட்டியவர் அசோகர் என்பதும் புத்தர் வந்தார் என்பதும் தலவரலாறு. நம் ஊர்க் கோயில்கள் பலவற்றை ராமர் வந்து வழிபட்டது போலத்தான்.

பதிவில் இல்லாத ஒன்றையும் சொல்ல வேண்டும்: அரசன் பெயர். அப்போது காஞ்சியில் ஆண்டவன் நரசிம்மவர்மன் என்று நாம்தான் காலக்கணக்கு வைத்துச் சொல்கிறோம். யுவான் சுவாங் அவனைப் பார்த்ததாகவோ, அவையில் அமர்ந்ததாகவோ ஒரு வரியும் கிடையாது. பிறகு அவர் போன மகாராட்டிரத்தில், ஹர்ஷருக்கே அடங்காத புலிகேசியைப் பெயர் சொல்லி, அவன் யானைப்படைக்கு மது கொடுத்துப் போருக்கு அனுப்புவதுவரை எழுதியிருக்கிறார். அவர் இரண்டு நாடுகளையும் கடந்த ஓரிரு ஆண்டுகளில், 642இல், காஞ்சிப் படை புலிகேசியின் வாதாபியைப் பிடித்தது. மூண்டுகொண்டிருந்த அந்தப் பகை காஞ்சிப் பதிவில் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

பாதிப் பதிவு ஒரே மனிதருக்கு

அரசனுக்கு ஒரு வரியும் கிடைக்காத பதிவில் மிக நீளமான பகுதி தர்மபாலர் என்ற அறிஞருக்குப் போகிறது. காஞ்சி அவர் பிறந்த ஊர். அந்நாட்டு அமைச்சர் ஒருவரின் மூத்த மகன். இளமையிலேயே பெயர் வாங்கியதால் அரசன் தன் மகளைக் கொடுக்க முடிவு செய்கிறான். விருந்து நடக்கும் இரவில் மனம் கலங்கிப் புத்தர் சிலையின் முன் நின்று வேண்டுகிறார். ஒரு தெய்வம் அவரைத் தூக்கிச் சென்று பல நூறு லி தொலைவில் ஒரு மலை விகாரத்தில் விட்டுவிடுகிறது. கதவைத் திறந்த துறவி, உள்ளே உட்கார்ந்திருக்கும் இளைஞனைத் திருடன் என்று சந்தேகிக்கிறார். விவரம் தெரிந்ததும் துறவு கொடுக்கிறார்கள்.

கதையின் அற்புதத்தை ஒதுக்கினாலும், இவருக்கு இவ்வளவு இடம் ஏன் என்பதற்குப் பதில் இருக்கிறது. தர்மபாலரின் மாணவர் சீலபத்திரர். சீலபத்திரரின் மாணவர் யுவான் சுவாங். தன் ஆசிரியரின் ஆசிரியர் பிறந்த ஊருக்கு வந்து நிற்கிறார். அறிக்கையில் 'நான்' என்று எழுத முடியாத மனிதர், எந்தப் பக்கத்தில் எத்தனை வரி என்பதில் தன்னைக் காட்டிக்கொண்டுவிடுகிறார்.

இலங்கைக்குப் போகாத கதை

காஞ்சிக்கு வந்ததன் காரணமே இலங்கைதான். வாழ்க்கை வரலாறு இதை விவரமாகச் சொல்கிறது. தாம்ரலிப்தியில் கப்பலேற நினைத்தவரை ஒரு தென்னிந்தியத் துறவி தடுக்கிறார்: கடலில் புயலும் ஆபத்தும் அதிகம், தரைவழியே தென்கிழக்கு மூலைக்குப் போனால் அங்கிருந்து நீர்வழி மூன்று நாள்தான். அதை நம்பி வங்கக் கரையிலிருந்து காஞ்சிவரை நடந்தே வந்தார்.

காஞ்சி தென்கடலின் வாயில் என்கிறது அந்த வரலாறு. நகரமோ கடலிலிருந்து ஏறத்தாழ 60 கிலோமீட்டர் உள்ளே. காஞ்சியின் துறைமுகமாக இருந்த மாமல்லபுரத்தையும் சேர்த்து ஒரே ஊராகப் பேசியிருக்கிறார்கள் என்று கொண்டால் சிக்கல் தீர்கிறது. வெளியூர் ஆட்களுக்குப் பெரிய நகரத்தின் பெயர்தான் வாயில் நிற்கும்.

அங்கே அவர் எதிர்பாராத ஆட்களைச் சந்தித்தார். இலங்கையிலிருந்து 300க்கு மேற்பட்ட பிக்குகள் அப்போதுதான் காஞ்சிக்கு வந்து இறங்கியிருந்தார்கள். போதிமேகேசுவரர், அபயதம்ஷ்டிரர் என்ற இருவர் தலைமை. உங்கள் நாட்டில் யோகாசாரம் கற்கலாம் என்று நான் அங்கே வரக் கிளம்பினேன், நீங்கள் ஏன் இங்கே வந்தீர்கள் என்று கேட்டார். எங்கள் அரசர் இறந்துவிட்டார், நாட்டில் பஞ்சம், அண்ட இடமில்லை என்றார்கள். கூடவே, நூலறிந்தவர்களில் எங்களை மிஞ்சியவர் அங்கே இல்லை, சந்தேகம் இருந்தால் எங்களிடமே கேளும் என்றும் சொன்னார்கள். கேட்டார். அவர்கள் சொன்ன விளக்கம் எதுவும் சீலபத்திரர் ஏற்கெனவே சொன்னதைத் தாண்டவில்லை. பயணத்துக்கு இனித் தேவையில்லை. அவர்களில் 70 பேரோடு வடமேற்கே திரும்பினார்.

ஆகவே சிங்களத் தீவைப் பற்றி நூலின் 11ஆம் சுருளில் வரும் சிங்கக் கதையும் மற்றவையும் கேட்டு எழுதியவை.

மதுரைக்கு வந்தாரா?

இப்போது சிக்கலான பதிவு. திராவிடத்துக்கு அடுத்து நூலில் வருவது 'மலகூடம்'. பெரும்பாலோர் இதைப் பாண்டிய நாடு என்கிறார்கள். உவர் மண், விளைச்சல் குறைவு. கடல் முத்தும் மணியும் வந்து குவியும் இடம். மக்கள் கறுப்பு நிறம், கடுங்குணம், கலைகளில் நாட்டமில்லை, வாணிப லாபத்தில் மட்டும் கெட்டி. பழைய விகாரங்கள் இடிந்து கிடக்கின்றன. தேவர் கோயில்கள் பல நூறு.

பியன்ஜியின் விதிப்படி பார்த்தால் அவர் போயிருக்க வேண்டும். ஏனெனில் 'இங்கிருந்து தெற்கே 3,000 லி நடந்து' என்றே வாக்கியம் இருக்கிறது. 'ஷிங்' என்ற சொல் உண்டு. ஆனால் எதிராக நிற்கும் சான்றுகள் வலுவானவை.

1. வாழ்க்கை வரலாறு இதே செய்தியைச் சொல்லும்போது 'மலகூடம் என்று ஒரு நாடு இருப்பதாகக் கேட்டார்' என்கிறது. சீடருக்கு ஆசிரியரின் பயணத்தைக் குறைத்துச் சொல்ல எந்தக் காரணமும் இல்லை.

2. தூரம் பொருந்தவில்லை. கன்னிங்ஹாமின் சின்ன லியிலேயே 3,000 லி என்பது 800 கிலோமீட்டர். காஞ்சியிலிருந்து கன்னியாகுமரி நேர்க்கோட்டில் 600 கிலோமீட்டர்கூட இல்லை. பெரிய லியில் கணக்கிட்டால் நடுக்கடலில் போய் விழுவோம்.

3. மூன்றாவதுதான் எனக்கு மிகப் பலமான சான்றாகப் படுகிறது. மலகூடத்தையும் சிங்களத்தையும் சொல்லி முடித்தபின் வழி எங்கிருந்து தொடர்கிறது? 'திராவிட நாட்டிலிருந்து வடக்கே காட்டுக்குள் புகுந்து' என்று மறுபடி காஞ்சியில் தொடங்குகிறது. மதுரைக்குப் போயிருந்தால் அடுத்த அடி மதுரையிலிருந்துதான் வைத்திருக்க வேண்டும். நடுவில் வந்த இரண்டு நாடுகளும் அடைப்புக்குறிக்குள் போட்ட செய்திகள் போல நிற்கின்றன.

4. உள்ளடக்கமும் அப்படியே. மலய மலையின் சந்தன மரத்தைக் காட்டில் எப்படி அடையாளம் காண்கிறார்கள் என்று விவரிக்கிறார்: குளிர்ச்சிக்காகப் பாம்புகள் சுற்றிக் கிடக்கும் மரம் எது என்று உயரத்தில் ஏறி நின்று பார்த்து, அம்பெய்து குறி வைத்துவிடுவார்களாம். பாம்புகள் அடங்கும் குளிர்காலம் வந்ததும் போய் வெட்டுவார்களாம். சந்தன வியாபாரி ஒருவர் விலையை நியாயப்படுத்தச் சொல்லும் கதையின் வாசனை இதில் அடிக்கிறது.

அப்படியானால் 'ஷிங்' எப்படி வந்தது? ஏறத்தாழ எல்லாப் பதிவும் 'இத்தனை லி நடந்து இன்ன நாட்டை அடைந்தால்' என்றே தொடங்குகிறது. தொகுத்தவரின் கை பழக்கத்தில் அந்தச் சொல்லைப் போட்டிருக்கலாம், பிறகு படியெடுத்தவர்களும் சேர்த்திருக்கலாம். விதி சொன்ன நூலிலேயே விதி தவறியிருக்கிறது என்பதே எளிய விளக்கம்.

இதனால் என்ன மாறுகிறது

முதலில், பாண்டிய நாட்டு மக்களைப் பற்றிய அந்த வசவு. அதைக் கண்ணால் கண்ட சீனரின் தீர்ப்பாக இனிச் சொல்ல முடியாது. காஞ்சியில் உட்கார்ந்து கேட்ட பேச்சு அது. பல்லவ நாட்டார் தெற்கத்தியாரைப் பற்றி என்ன நினைத்தார்கள் என்பதற்கு வேண்டுமானால் சான்று. மலகூடத்தில் விகாரங்கள் இடிந்து கிடந்தன என்பதும் அதே தரம்தான். பாண்டிய நாட்டில் பௌத்தம் தேய்ந்தது என்பதற்கு இதை மட்டும் தூணாக நிறுத்துவது சரியில்லை.

அதே மூச்சில், மலய மலைக்குக் கிழக்கே உள்ளதாக அவர் சொல்லும், போதிசத்துவர் அவலோகிதரின் பொதலக மலை பொதிகைதான் என்ற வாதத்தையும் எச்சரிக்கையோடு அணுக வேண்டும். பெயர் ஒற்றுமை கவர்ச்சியானது. ஆனால் அவர் அந்த மலையைப் பார்த்து இடம் குறித்தவர் அல்ல.

காஞ்சிக்கு வந்தால், 10,000 பிக்குகள் என்ற எண்ணைத் தூக்கிக்கொண்டு ஓடுவதைவிட, அதே பதிவிலும் வாழ்க்கை வரலாற்றிலும் இருக்கும் சிறிய செய்திகள் உறுதியானவை: ஊருக்குத் தெற்கே அறிஞர் கூடும் ஒரு விகாரம், பஞ்சத்துக்குத் தப்பி ஒரே சமயத்தில் 300 பேர் அடைக்கலம் தேடி வரும் அளவுக்கு அங்கே இருந்த பௌத்த ஆதரவு, இலங்கையோடு மூன்று நாள் கடல்தொடர்பு. பஞ்சத்தில் அகதியாய்க் கிளம்பும் ஆட்கள் சோறு கிடைக்கும் இடம் எது என்று விசாரித்துத்தானே வருவார்கள்.

தர்மபாலருக்கு என்ன ஆயிற்று என்பதையும் சொல்லிவிட வேண்டும். யோகாசார ஆசிரியர் வசுபந்துவின் 30 செய்யுள்களுக்கு அவர் எழுதிய உரையின் சமஸ்கிருத மூலம் இன்று இல்லை. யுவான் சுவாங் 659இல் அந்தச் செய்யுள்களின் உரைகள் பலவற்றை ஒன்றாக்கிச் சீனத்தில் ஒரு நூல் செய்தார். கருத்து மாறுபடும் இடங்களில் பெரும்பாலும் தர்மபாலர் சொன்னதையே முடிவாக வைத்தார். சீனத்திலும் ஜப்பானிலும் ஒரு பௌத்த மரபே அந்த நூலின் மேல் எழுந்தது. காஞ்சியில் பிறந்த அந்த அமைச்சர் மகன் வசுபந்துவை எப்படி விளக்கினார் என்று இன்று தெரிந்துகொள்ள, அந்தச் சீன நூலைத்தான் திறக்க வேண்டும்.